ஃபைபர் ரவுட்டர் பின்னாடி இருக்கிற ஃபோன் போர்ட்: பழைய லேண்ட்லைனை அதுல ஓட்டுறது எப்படி

வீட்டுக்கு ஃபைபர் வந்துடுச்சு, காப்பர் லைனை எடுக்கப்போறாங்க, ஆனா பல வருஷமா எல்லார்கிட்டயும் இருக்கிற அந்த லேண்ட்லைன் நம்பரும் ஹால்ல இருக்கிற ஃபோனும் அப்படியே ஓடணும். இதுக்கு வழி பெரும்பாலும் உங்க ரவுட்டர் பின்னாடியே இருக்கும், யாரும் கவனிக்கிறதில்ல. நெட் கேபிள் மாட்டுற நாலு ஓட்டைக்குப் பக்கத்துல கொஞ்சம் சின்னதா ஒண்ணோ ரெண்டோ ஓட்டை இருக்கும், டெல்னோ ஃபோன்னோ பாட்ஸ்னோ எழுதியிருக்கும், இல்லன்னா ரிசீவர் படம் மட்டும் போட்டிருக்கும். அதான் ஃபோன் போர்ட். ஃபோன் ஒயர் நுனியில இருக்கிற சின்ன கனெக்டர், அதாவது ஆர்ஜே-11, அதுலதான் போகும். அது நெட் கேபிள் போடுற பெரிய ஓட்டையிலயும் நுழையும், அதனால நிறைய பேர் அங்க மாட்டிட்டு ஃபோன் செத்துப்போச்சுன்னு நினைக்கிறாங்க. அங்க டயல் டோன் வராது, பின்னு வளையறதுக்கும் வாய்ப்பு இருக்கு, அதனால முதல்ல சரியான ஓட்டையான்னு பாத்துக்குங்க.

இந்த போர்ட் என்ன செய்யுதுன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும். காப்பர் லைன் இருந்தப்போ உங்க ஃபோனுக்கு கரண்ட் எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வந்துச்சு. ஃபோனை வச்சிருக்கும்போது அந்த ரெண்டு ஒயருக்கு நடுவுல சுமார் 48 வோல்ட் டிசி நிக்கும், ரிசீவரை எடுத்தா ஒயர்ல கரண்ட் ஓட ஆரம்பிக்கும், அதை வச்சு எக்ஸ்சேஞ்ச் ஆள் எடுத்துட்டாங்கன்னு கண்டுபிடிச்சு டயல் டோன் கொடுக்கும். யாராவது கூப்பிட்டா அதே ஒயர்ல 75ல இருந்து 90 வோல்ட் வரைக்கும் ஏசி அனுப்பி மணி அடிக்க வைக்கும். ஃபைபர்ங்கிறது கண்ணாடி இழை, அதுல வெளிச்சம் மட்டும்தான் போகும், ஒரு வோல்ட் கூட வராது. அப்ப அந்த 48 வோல்ட், டயல் டோன், மணிக்கான ஏசி இதெல்லாம் யார் கொடுக்குறது? ரவுட்டர்தான். போர்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு சின்ன சிப், ரவுட்டரோட 12 வோல்ட் அடாப்டர் கரண்ட்டை ஏத்தி இறக்கி எக்ஸ்சேஞ்ச் செஞ்ச வேலையை உங்க வீட்டுக்குள்ளயே செய்யுது, உங்க குரலை டேட்டாவா மாத்தி ஃபைபர்ல அனுப்புது. ஃபோனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதனாலதான் முப்பது வருஷ பழைய ஃபோன் கூட இதுல வேலை செய்யும்.

ஆக எக்ஸ்சேஞ்ச் இப்ப உங்க வீட்டு அலமாரி மேல உக்காந்திருக்கு. கீழ சொல்ற பிரச்சனைங்க எல்லாம் அநேகமா இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது.

கம்பெனி பக்கம் நடக்க வேண்டியது

போர்ட் இருக்குங்கிறதுக்காக ஃபோன் மாட்டின உடனே பேச முடியாது. ரவுட்டருக்குள்ள ஒரு ஃபோன் அக்கவுண்ட் போட்டிருக்கணும். உங்க நம்பர், ஒரு பாஸ்வேர்ட், எந்த சர்வர்ல போய் பதிவு பண்ணணும்ங்கிற முகவரி, இவ்வளவுதான் அதுல இருக்கும். இந்த பதிவு பண்ற முறைக்கு `SIP`னு பேரு. கம்பெனி கொடுத்த ரவுட்டரா இருந்தா அவங்களே தூரத்துல இருந்து இதை ஏத்திடுவாங்க, நீங்க தொடவே வேண்டாம். பதிவு ஆயிடுச்சுன்னா ஃபோன் லைட் நிலையா எரியும், பிரவுசர்ல ரவுட்டரோட செட்டிங் பக்கத்துக்குள்ள போய் (வழக்கமா `192.168.1.1`) வாய்ஸ் பகுதியில பாத்தா `Registered`னோ `Up`னோ காட்டும்.

நீங்களா வெளிய வாங்கின ரவுட்டரை மாட்டியிருந்தா அதுல ஃபோன் போர்ட் இருந்தாலும் அக்கவுண்ட் இருக்காது. கம்பெனிக்கிட்ட அந்த விவரங்களைக் கேக்கணும், சில கம்பெனிங்க கொடுக்கும், நிறைய கம்பெனிங்க கொடுக்காது. கொடுக்கலைன்னா அவங்க பெட்டியை அப்படியே ஃபோனுக்கு வச்சுக்கிட்டு, உங்க ரவுட்டரை அதுக்குப் பின்னாடி வைஃபைக்கு மட்டும் போட்டுக்கறதுதான் தலைவலி இல்லாத வழி.

நம்பர் விஷயத்துல ஒண்ணு மட்டும் கவனம். காப்பர் லைன் ஒரு கம்பெனி, ஃபைபர் வேற கம்பெனின்னா, முதல்ல அதே நம்பரை அவங்ககிட்ட கொண்டுபோக முடியுமான்னு புது கம்பெனிக்கிட்ட கேட்டு, முடியும்னா எழுதிக்கொடுங்க, அது மாறி வந்து ஒரு கால் வாங்கிப் பாத்ததுக்கு அப்புறம்தான் பழைய கனெக்ஷன் கணக்கை முடிக்கணும். அவசரப்பட்டு பழசை முதல்ல கேன்சல் பண்ணா நம்பரும் அதோட போயிடும், திரும்ப வாங்குறது பெரும்பாடு.

ஒரே ஃபோன்னா அஞ்சு நிமிஷ வேலை

ரவுட்டர் பக்கத்துலயே ஃபோன் இருந்தா ஒரு ஒயர், இந்தப் பக்கம் ஃபோன், அந்தப் பக்கம் போர்ட், முடிஞ்சது. ரவுட்டர் ஒரு மூலையில, நீங்க உக்காருற இடம் வேற மூலையிலன்னா கார்ட்லெஸ் ஃபோன் வாங்கி அதோட பேஸை மட்டும் ரவுட்டர் பக்கத்துல வச்சிட்டு, கூடுதல் ஹேண்ட்செட்டை ரூமுக்கு ஒண்ணா வச்சுக்கலாம். சுவத்துக்குள்ள ஏற்கனவே ஒயர் ஓடலைன்னா நான் இதைத்தான் சொல்லுவேன், புதுசா ஒயர் இழுக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனா பழைய வீடுகள்ல ரூம் ரூமா ஃபோன் பாயிண்ட் ஏற்கனவே இருக்கும். அதை எல்லாத்தையும் ரவுட்டர் போர்ட்ல இருந்தே ஓட்ட முடியும். கொஞ்சம் கவனமா செய்ய வேண்டிய இடமும் இதுதான், அதனால ஒரு வீட்டை எடுத்து முழுசா பாத்துடுவோம்.

மூணு பாயிண்ட் இருக்கிற வீடு

மாடி வீடு ஒண்ணுன்னு வச்சுக்குங்க. வெளிய இருந்து வர்ற காப்பர் ஒயர் வாசல் பக்கம் ஒரு சின்ன டப்பாவுக்குள்ள நுழையுது. அந்த டப்பால இருந்து மூணு ஜோடி ஒயர் பிரிஞ்சு ஹால், கீழ் பெட்ரூம், மாடி ரூம்னு மூணு சுவர் பாயிண்டுக்குப் போகுது. ஃபைபர் போட்டவர் ரவுட்டரை மாடி ரூம்ல வச்சிட்டுப் போயிட்டாரு. ஹால்ல பழைய மணி வச்ச ஃபோன், பெட்ரூம்ல பட்டன் ஃபோன், மாடியில கார்ட்லெஸ்.

இப்ப யோசனை என்னன்னா, மாடி ரூம் சுவர் பாயிண்டும் ஹால் பாயிண்டும் டப்பாவுக்குள்ள ஒரே ஒயரா முறுக்கித்தானே இருக்கு, அப்ப மாடி பாயிண்ட்ல ரவுட்டரோட ஃபோன் போர்ட்டை கோத்துட்டா கரண்ட் அந்த ஒயர் வழியா கீழ இறங்கி டப்பாவுக்கு வந்து மத்த ரெண்டு பாயிண்டுக்கும் போயிடும். யோசனை சரிதான். ஆனா அதே முடிச்சுல வெளிய இருந்து வர்ற காப்பர் ஒயரும் முறுக்கியிருக்கு, அதைக் கழட்டாம ரவுட்டரை மாட்டினா எக்ஸ்சேஞ்சோட 48 வோல்ட்டும் ரவுட்டரோட 48 வோல்ட்டும் முட்டிக்கும். அந்த நேரம் பழைய லைன்ல யாராவது கூப்பிட்டா 75, 90 வோல்ட் ஏசி நேரா ரவுட்டர் சிப்புல ஏறும். போர்ட் எரிஞ்சு போறது இப்படித்தான். "லைன்தான் செத்துப்போச்சே, அப்புறம் என்ன"ன்னு விட்டுடாதீங்க, செத்த ஒயரும் தெருவுல தொங்கிக்கிட்டுதான் இருக்கும், இடி மின்னல் நேரத்துல அது வழியா வர்ற அதிர்ச்சி முதல்ல உங்க ரவுட்டரைத்தான் பாக்கும்.

அதனால வரிசை இப்படி. ரவுட்டரை மாட்டாம, எல்லா ஃபோனையும் கழட்டிட்டு, ஒரு மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்ல வச்சு ஹால் பாயிண்டோட நடு ரெண்டு பின்னையும் தொட்டுப் பாருங்க. 50 வோல்ட் பக்கம் காட்டுச்சுன்னா பழைய லைன் இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். வாசல் டப்பாவைத் திறந்து வெளிய இருந்து வர்ற ஜோடி எதுன்னு பாத்து அதை மட்டும் பிரிச்சு, ரெண்டு நுனியையும் தனித்தனியா டேப் சுத்தி ஒதுக்கி வைங்க (வெட்டி எறியாதீங்க, அது கம்பெனி ஒயர், அதோட பின்னாடி என்ன தேவைப்படும்னு தெரியாது). டப்பாவுல கம்பெனி சீல் வச்சிருந்தா அவங்க ஆளை விட்டே கழட்டச் சொல்லுங்க. மழை இடி நேரத்துலயும் ஈரக் கையோடயும் இதைச் செய்ய வேண்டாம், மணி அடிக்கிற நேரம் பாத்து தொட்டா நல்லாவே சுள்ளுன்னு அடிக்கும்.

பிரிச்சதுக்கு அப்புறம் திரும்ப ஹால் பாயிண்ட்ல மீட்டர் வைங்க, பூஜ்யம் காட்டணும். காட்டலைன்னா தப்பான ஜோடியை பிரிச்சிருக்கீங்க, இல்லன்னா இன்னொரு வழியா லைன் உள்ள வருது, அதைக் கண்டுபிடிக்காம மேல போகக்கூடாது. பூஜ்யம் வந்துட்டா மாடி ரூம்ல ரெண்டு பக்கமும் கனெக்டர் இருக்கிற ஒரு ஃபோன் ஒயர் எடுத்து ஒரு முனையை ரவுட்டர் ஃபோன் போர்ட்லயும் இன்னொரு முனையை சுவர் பாயிண்ட்லயும் போடுங்க. சுவர் பாயிண்ட் ஒரே ஓட்டைன்னா ரெண்டா பிரிக்கிற சின்ன அடாப்டர் ஒண்ணு போட்டா கார்ட்லெஸ்ஸையும் அங்கயே மாட்டிக்கலாம். இப்ப கீழ ஹால்ல மீட்டர் வச்சா மறுபடி 48 வோல்ட் பக்கம் காட்டும் (சில ரவுட்டர்ல கொஞ்சம் கம்மியா இருக்கும்), ஆனா இந்தத் தடவை அது மாடியில இருந்து வர்ற கரண்ட். பழைய ஏடிஎஸ்எல் காலத்து ஸ்ப்ளிட்டர் எங்கயாவது நடுவுல தொங்கிக்கிட்டிருந்தா அதையும் எடுத்துடுங்க, இனிமே அதுக்கு வேலை இல்ல.

ஒவ்வொரு ஃபோனா மாட்டி, ஒவ்வொண்ணு மாட்டினதும் டயல் டோன் பாருங்க. மூணையும் ஒரே நேரத்துல மாட்டிட்டு ஒண்ணும் வேலை செய்யலைன்னா எதுல கோளாறுன்னு தேடவே அரைநாள் போயிடும்.

மணி சரியா அடிக்கலைன்னா

இந்த வீட்ல மூணும் மாட்டியாச்சு, பேச முடியுது, ஆனா கால் வந்தா ஹால் ஃபோன் மணி சோகமா கிணுகிணுன்னு அடிக்குது, இல்லன்னா ஒரு அடி அடிச்சிட்டு நின்னுடுது. இதுக்கு காரணம் ரவுட்டர் மணிக்கு கொடுக்கிற சக்திக்கு ஒரு அளவு இருக்கு. அந்த அளவை ரென்னு சொல்லுவாங்க. பழைய மணி வச்ச ஃபோன் ஒண்ணு தோராயமா ஒரு ரென் இழுக்கும், எலக்ட்ரானிக் ஃபோன்ங்க பெரும்பாலும் அதைவிட கம்மியா இழுக்கும், பல ஃபோன் அடியில ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும். எக்ஸ்சேஞ்ச் லைன் அஞ்சு வரைக்கும் தாங்கும்னு வழக்கமா சொல்லுவாங்க, ரவுட்டர் போர்ட்ல மூணோ அஞ்சோ இருக்கலாம், மலிவான பெட்டிகள்ல அதைவிட கம்மியாவும் இருக்கும். அதோட ரவுட்டர் கொடுக்கிற மணி வோல்ட்டேஜே எக்ஸ்சேஞ்சைவிட குறைவாத்தான் இருக்கும்.

சோதிக்கிறது சுலபம், மத்த ரெண்டு ஃபோனையும் கழட்டிட்டு ஹால் ஃபோனை மட்டும் விட்டு கூப்பிட்டுப் பாருங்க. நல்லா அடிச்சா சுமைதான் பிரச்சனை, ஒரு ஃபோனோட மணியை அதோட ஸ்விட்ச்ல ஆஃப் பண்ணா மட்டும் சில மாடல்ல சுமை குறையாது, கழட்டித்தான் ஆகணும். தனியா இருந்தும் அடிக்கலைன்னா அந்தப் பழைய மணிக்கு ரவுட்டர் வோல்ட்டேஜ் பத்தல, அந்த ஃபோனை பேச மட்டும் வச்சுக்கிட்டு மணிக்கு வேற ஃபோனை நம்ப வேண்டியதுதான்.

நம்பர் சுத்துற ஃபோன் வச்சிருக்கீங்கன்னா ஒரு கெட்ட செய்தி. கால் வரும், பேசலாம், ஆனா சுத்தி டயல் பண்றதை நிறைய ரவுட்டருக்குப் புரியாது. பட்டன் ஃபோன்லயும் அடியில டோன், பல்ஸ்னு ஒரு ஸ்விட்ச் இருந்தா டோன்ல வைங்க. அப்புறம் நம்பர் அடிச்சு முடிச்சதும் அஞ்சாறு செகண்ட் சத்தமே இல்லாம இருக்கும், ஃபோன் கெட்டுப்போச்சுன்னு வச்சுடாதீங்க, ரவுட்டர் இன்னும் நம்பர் வருமான்னு காத்துக்கிட்டிருக்கு. நிறைய பெட்டிகள்ல கடைசியில ஹேஷ் பட்டனை அழுத்தினா உடனே போயிடும்.

எங்க கோளாறுன்னு பிரிச்சுப் பாக்குறது

ஃபோன் செத்துப்போச்சுன்னா முதல் வேலை சுவர் ஒயரை ரவுட்டர்ல இருந்து பிடுங்கிட்டு ஒரு ஃபோனை நேரா போர்ட்ல மாட்டுறது. நேரா மாட்டினா வேலை செய்யுது, சுவர் வழியா செய்யலைன்னா ரவுட்டரும் கம்பெனியும் நல்லாத்தான் இருக்கு, உங்க வீட்டு ஒயர்லதான் கோளாறு. பெரும்பாலும் எங்கயாவது ஒரு ரிசீவர் சரியா வைக்காம இருக்கும், இல்லன்னா ஒரு பாயிண்ட்ல ஈரம் ஏறி ரெண்டு பின்னும் ஒட்டியிருக்கும். ரெண்டுமே ரவுட்டருக்கு யாரோ ஃபோனை எடுத்து வச்சிருக்கிற மாதிரிதான் தெரியும், கொஞ்ச நேரம் டோன் கொடுத்துப் பாத்துட்டு அது பேசாம இருந்துடும், வெளிய இருந்து கூப்பிடுறவங்களுக்கு எப்பவும் பிஸின்னு வரும்.

நேரா மாட்டியும் வேலை செய்யலைன்னா பதிவைப் பாருங்க. இதுல ஒரு ஏமாத்து இருக்கு: டயல் டோன் கேக்குதுங்கிறதால லைன் இருக்குன்னு அர்த்தம் இல்ல. டோனை ரவுட்டரே உண்டாக்குது, சில பெட்டிகள் பதிவு அறுந்து போயிருந்தாலும் டோன் கொடுக்கும், நம்பர் அடிச்சதும் பிஸி டோன் வேகமா கத்தும். நெட் ஓடுது, டோன் வருது, ஆனா எந்த நம்பருக்கும் போகலைன்னா ஃபோன் லைட்டும் ரவுட்டர் செட்டிங் பக்கத்துல காட்டுற நிலையும்தான் உண்மையைச் சொல்லும். `Registered` இல்லன்னா ஒரு தடவை ரவுட்டரை அணைச்சுப் போடுங்க, அதுக்கும் வரலைன்னா கம்பெனிக்கு ஃபோன் பண்ணி "நெட் இருக்கு, வாய்ஸ் பதிவு ஆகல"ன்னு இதே வார்த்தையில சொல்லுங்க, ரவுட்டரை ரீசெட் பண்ணுங்கன்னு சொன்னா உஷார், ஃபேக்டரி ரீசெட்ல அந்த ஃபோன் அக்கவுண்டும் அழிஞ்சு போகலாம், அவங்க திரும்ப ஏத்துவாங்களான்னு கேட்டுட்டு செய்யுங்க.

சொந்த ரவுட்டருக்குப் பின்னாடி, ஃபோன் போர்ட் வேலையைச் செய்யுற தனி அடாப்டர் பெட்டி வச்சு ஃபோன் ஓட்டுறவங்களுக்கு மட்டும் வேற ரெண்டு கோளாறு வரும். ஒண்ணு, நீங்க பேசுறது அங்க கேக்குது, அங்க பேசுறது இங்க வரல. ரவுட்டர் செட்டிங்ல `SIP ALG`னு ஒண்ணு இருக்கும், உதவுறேன்னு வந்து பாக்கெட்டை மாத்திக் கெடுக்கிற விஷயம் அது, அதை அணைச்சாலே பல இடத்துல சரியாயிடும். இன்னொண்ணு, வெளிய கூப்பிட முடியுது ஆனா கொஞ்ச நேரம் சும்மா இருந்தா உள்ள கால் வர்றதில்ல. கால் அடாப்டருக்கு வர்ற வழியை ரவுட்டர் மறந்துட்டு மூடிடுது, அடாப்டர்ல கீப் அலைவ் செட்டிங்கை ஆன் பண்ணி 30 செகண்டுக்கு ஒரு தடவைன்னு வச்சா திறந்தே இருக்கும்.

கரண்ட் போனா

காப்பர்ல கரண்ட் போனாலும் ஃபோன் ஓடுச்சு, ஏன்னா பேட்டரி எக்ஸ்சேஞ்ச்ல இருந்துச்சு. இப்ப எக்ஸ்சேஞ்ச் வேலையை உங்க ரவுட்டர் செய்யுது, அப்ப பேட்டரியும் உங்க பொறுப்பு. ஃபைபர் வர்ற வழியில வெளிச்சத்தைப் பிரிக்கிற பெட்டிகளுக்கு பொதுவா கரண்ட்டே தேவையில்ல, ஃபைபரோட மறு கோடியில கம்பெனி பேட்டரி வச்சிருக்கும், அதனால தெருவுல கரண்ட் போனாலும் உங்க பெட்டி எரிஞ்சுக்கிட்டிருந்தா ஃபோன் ஓடும்.

ரவுட்டருக்குன்னே மினி யூபிஎஸ் விக்குறாங்க. வாங்கும்போது அதுல போட்டிருக்கிற எம்ஏஎச் கணக்குல ஏமாறாதீங்க. 8800 எம்ஏஎச்னு போட்டிருக்கும், அதை ரவுட்டரோட 12 வோல்ட்டால பெருக்கி நூத்து சொச்சம் வாட் அவர்னு நினைக்கத் தோணும். ஆனா உள்ள இருக்கிற லித்தியம் செல்லுக்கு 3.7 வோல்ட்தான், அந்த எண்ணும் பெரும்பாலும் அந்த வோல்ட்டுக்குதான் போட்டிருப்பாங்க. 8.8ஐ 3.7ஆல பெருக்கினா 32.5 வாட் அவர். வோல்ட்டை ஏத்துறதுல கொஞ்சம் போகும், கையில 27 பக்கம் நிக்கும். உங்க ரவுட்டர் 10 வாட் இழுத்தா ரெண்டே முக்கால் மணி நேரம் வரும், செல் பழசானா இன்னும் குறையும். ஃபைபர் பெட்டி தனியா ரவுட்டர் தனியான்னு ரெண்டு பெட்டி இருந்தா ரெண்டுக்குமே கரண்ட் கொடுக்கணும், ஒண்ணுக்கு மட்டும் கொடுத்துட்டு வேலை செய்யலையேன்னு தேடாதீங்க.

கார்ட்லெஸ் பேஸுக்குன்னு தனி அடாப்டர் இருக்கு, அதை யூபிஎஸ்ல போடலைன்னா ரவுட்டர் உயிரோட இருந்தும் கார்ட்லெஸ் செத்துடும். அதுக்காகவே ஒயர் வச்ச சாதா ஃபோன் ஒண்ணை எங்கயாவது மாட்டி வைங்க, அதுக்கு வேணுங்கிற கரண்ட் போர்ட்ல இருந்தே வந்துடும். எல்லாம் முடிஞ்சதும் சும்மா ஒரு நாள் மெயின் ஸ்விட்சை அணைச்சிட்டு அந்த ஃபோன்ல இருந்து ஒரு கால் பண்ணிப் பாருங்க, செல்ஃபோன்ல இருந்து அதுக்கு ஒரு கால் வாங்கியும் பாருங்க.

ஃபேக்ஸ் மெஷின், திருட்டு அலாரம், லிஃப்டுக்குள்ள இருக்கிற அவசர ஃபோன் இதெல்லாம் பழைய லைன்ல தொங்கிக்கிட்டிருந்தா அதை மட்டும் சாதா ஃபோன் மாதிரி மாட்டிட்டு போயிடாதீங்க. ஃபேக்ஸ் சில சமயம் போகும் சில சமயம் பாதியில அறுந்துடும், வேகத்தை 9600க்கு குறைச்சா கொஞ்சம் தேறும். அலாரமும் லிஃப்ட் ஃபோனும் போட்டுக்கொடுத்தவங்களைக் கூப்பிட்டு, லைன் ஃபைபருக்கு மாறுதுன்னு சொல்லி, மாறினதுக்கு அப்புறம் அவங்க முன்னாடியே ஒரு தடவை அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க.